டிஷ்வாஷரில் பீங்கான் காயுது, பிளாஸ்டிக் டப்பா மட்டும் ஈரம். என்ன செய்யலாம்?

டிஷ்வாஷர் வச்சிருக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க. ராத்திரி எக்கோ மோடில் போட்டுட்டுப் படுத்துடுவேன். காலையில் பீங்கான் தட்டெல்லாம் காய்ஞ்சிருக்கு, பிளாஸ்டிக் டப்பா மட்டும் முத்து முத்தா ஈரம். கவிழ்த்த கப்போட அடிக்குழியில் ஒரு ஸ்பூன் தண்ணி நிக்குது. மேல் அடுக்கை இழுத்தா அது கொட்டி, கீழே காய்ஞ்ச பாத்திரமும் நனைஞ்சிடுது.

சர்வீஸுக்கு வந்தவர் கோளாறே இல்லைன்னார். இந்த மெஷின் சூடான காத்தை ஊதிக் காயவைக்காதாம். கடைசி அலசல் சூட்டில் பாத்திரம் தானா காயணுமாம். கனமான பீங்கான் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். லேசான பிளாஸ்டிக் சீக்கிரம் ஆறிடும், ஈரம் அப்படியே தங்கிடும். நியாயமாத்தான் படுது.

ரின்ஸ் எய்ட் அளவை 3லிருந்து 5க்கு ஏத்தினேன். கண்ணாடி டம்ளர் பளிச்னு வருது, டப்பாவில் ஈரம் குறைஞ்சதே தவிர போகலை. கழுவி முடிஞ்சதும் கதவைத் திறந்து வச்சா நல்லா காயுது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எழுந்திருக்கிறது?

70 டிகிரி மோடில் போட்டுப் பார்த்தவங்க இருக்கீங்களா? டப்பா காய்ஞ்சதா, இல்ல மூடி கோணிக்கிச்சா? அடிக்குழி இருக்கிற கப்பை எப்படிச் சாய்ச்சு நிறுத்துறீங்க? என்னோடது கழுவும்போதே நிமிர்ந்துடுது.