கலைச்சொல்: Auto-Join என்பதற்குத் தானிணைவா, தானிணைப்பா?

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்துக்காகக் கைப்பேசிப் பாதுகாப்பு பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். முன்பு எப்போதோ ஒருமுறை சேர்ந்த திறந்த அருகலையில், அதாவது கடவுச்சொல் கேட்காத வைஃபையில், கைப்பேசி நம்மைக் கேட்காமலே மறுபடி சேர்ந்துகொள்கிறது அல்லவா, அதை நிறுத்துவது பற்றிய பக்கம். ஐபோன் திரையில் இதற்கு Auto-Join என்றும் ஆண்ட்ராய்டில் Auto-connect என்றும் இருக்கிறது. நான் ‘தன்னியக்க இணைப்பு’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் அத்தைக்கு அது புரியவில்லை. “எது எதோடு இணைகிறது?” என்று கேட்டார். நல்ல சொல் ஒன்று வேண்டும்.

முருகேசன்:

எனக்கும் இதே தொல்லைதான். விடுதியில் என் கைப்பேசியின் பகிரலையை, அதாவது ஹாட்ஸ்பாட்டை, திறந்து வைத்தால் பக்கத்து அறைப் பையன்களின் கைப்பேசிகள் தானாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. மாதக் கடைசியில் டேட்டா காலி. ‘பகிரலைத் தடை’ என்று வைக்கலாமே.

செல்வி:

முருகேசன், நீங்கள் சொல்வது மறுபக்கம். உங்கள் வலையில் பிறர் சேர்வது அது. கடவுச்சொல்லை மாற்றினாலே நின்றுவிடும். நான் கேட்பது நம் கைப்பேசி பிறர் வலையில் போய்ச் சேர்வதை. ஆனால் ‘இணைப்பு’ என்றதும் உங்களுக்கும் என் அத்தைக்கும் ஒரே குழப்பம் வருகிறது. யார் சேர்கிறார் என்பது அந்தச் சொல்லில் இல்லை.

ரஃபீக்:

இது நடக்கும் விதத்தைப் பார்த்தால் சொல் கிடைத்துவிடும். கைப்பேசி போகிற இடமெல்லாம் தான் சேர்ந்த வலைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிடும். பக்கத்தில் ஒருவன் அதைக் கேட்டு, “நான்தான் அது” என்று பதில் சொன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். 2004-இல் வந்த கார்மா என்ற தாக்குதல் இதுதான். அதனால் ‘கூப்பிட்டுச் சேர்தல்’ அல்லது ‘அழைப்பிணைவு’ என் பரிந்துரை. தன் MAC முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும் வசதி இன்றைய கைப்பேசிகளில் இருப்பதால் பயமும் குறைவு.

கலா:

ரஃபீக் தம்பி, நீங்கள் சொன்ன கதை அன்றைக்குச் சரி. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பொதுவாக “யார் இருக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்கும், அல்லது பேசாமல் காதுகொடுத்துக்கொண்டிருக்கும். பெயரை ஒளித்து வைத்த வலையைச் சேமித்திருந்தால்தான் அதன் பெயரைச் சொல்லித் தேட வேண்டிவரும். ஆகவே ‘அழைப்பிணைவு’ வேண்டாம். முகவரியை மாற்றுவது உங்களைப் பின்தொடர்வதைக் கடினமாக்கும், அவ்வளவுதான். தவறான வலையில் சேர்வதைத் தடுக்காது.

கூப்பிடாவிட்டாலும் ஆபத்து அப்படியே இருக்கிறது. திறந்த வலையைக் கைப்பேசி அடையாளம் காண்பது பெயரை வைத்து மட்டுமே. இடம் தெரியாது, உரிமையாளர் தெரியாது. கடவுச்சொல் உள்ள வலையென்றால், எதிரில் இருப்பதற்கும் அதே கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். திறந்த வலைக்கு அந்தச் சோதனையே கிடையாது. ரயில் நிலையங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். RailWire சேவையை நாடு முழுக்க ஒரே பெயரில் தருகிறார்கள். ஒரு நிலையத்தில் சேர்ந்த கைப்பேசி அடுத்த ஊரில் தானாகச் சேர்வது அதனால்தான். அது வசதி. அதே பெயரை வேறு யார் வைத்தாலும் கைப்பேசி ஏமாறுவதும், பெயரை மட்டுமே பார்ப்பதால்தான்.

நேற்று வீட்டில் செய்து பார்த்தேன். என் கைப்பேசியில் ஒரு தேநீர்க்கடையின் ‘Free WiFi’ சேமிப்பில் இருந்தது. மகளின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பகிரலைக்கு அதே பெயரை, எழுத்தும் இடைவெளியும் மாறாமல் வைத்து, பாதுகாப்பை None என்று மாற்றினேன். வீட்டு ரவுட்டரை அணைத்தேன், இல்லாவிட்டால் கைப்பேசி அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்துக்குள் சேர்ந்துவிட்டது. கைப்பேசி ஒன்றும் கேட்கவில்லை. மேலே அலைச் சின்னம் மட்டும் வந்தது. பிறகு Saved networks-இல் அந்தப் பெயரைத் தொட்டு Auto-connect-ஐ அணைத்துவிட்டு மறுபடி முயன்றேன். பத்து நிமிடம் காத்திருந்தும் சேரவில்லை. பட்டியலில் பெயர் மட்டும் தெரிந்தது. பிறகு பாதுகாப்பை WPA2-க்கு மாற்றி, ஏதோ ஒரு கடவுச்சொல் கொடுத்து, Auto-connect-ஐத் திரும்ப இயக்கினேன். அப்போதும் சேரவில்லை. பெயர் ஒன்றானாலும் பூட்டின் வகை வேறானால் அது வேறு வலை என்றே எடுத்துக்கொள்கிறது.

கையேட்டில் ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள், செல்வி. இதை அணைத்தாலும், நாமே விரலால் தொட்டுச் சேர்ந்தால் போலி வலையிலும் சேர்ந்துவிடுவோம்.

இளங்கோ:

சொல்லுக்கு வருகிறேன். இணைப்பு என்பது பிறவினை, ஒருவர் இன்னொன்றை இணைப்பது. இங்கே கைப்பேசி தானே போய்ச் சேர்கிறது, ஆகவே தன்வினை வேண்டும்: இணைவு. முன்னால் ‘தன்’ போட்டால் ‘தன்னிணைவு’, அது தன்னோடு தானே இணைவது போலத் தொனிக்கிறது. ‘தான்’ போட்டால் ‘தானிணைவு’. தானியங்கி என்ற சொல் நம் வாயில் ஏற்கெனவே பழகியிருப்பதால் காதுக்கு உறுத்தாது. பெயராக ‘தானிணைவு’, அமைப்புப் பக்கத்தில் ‘தானாக இணை’ என்று இருக்கட்டும்.

ரஃபீக்:

கலா அக்கா சொன்னது ஏற்பு, அழைப்பிணைவை விட்டுவிடுகிறேன். ஆனால் தானிணைவு என்பதில் ‘முன்பு சேர்ந்த’ என்ற பொருள் எங்கே? புதிய வலையிலும் தானாகச் சேரும் என்று படிப்பவர் நினைப்பாரே. ‘மீளிணைவு’ என்று சொன்னால் என்ன?

கலா:

அதையும் யோசித்தேன். ஆனால் சிக்னல் போய்த் திரும்ப வரும்போது அதே வலையில் ஒட்டுவதையும் மீளிணைவு என்றுதான் சொல்வோம். நாமே தொட்டு மறுபடி சேர்ந்தாலும் அதே சொல்தான் வரும். இங்கே சிக்கல் ‘கேட்காமல்’ என்பதில் இருக்கிறது. எந்த வலை என்பதை ‘சேமித்த வலை’ சொல்லிவிடும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

முருகேசன்:

மன்னிக்கவும், கேள்வியை முதலில் தவறாகப் படித்துவிட்டேன். இப்போது பார்த்தால் என் மடிக்கணினியிலும் இந்த வேலை நடக்கிறது. லினக்ஸ். அமைப்புப் பக்கத்தில் தேட நேரமில்லை, முனையத்தில் இதைத் தட்டினேன், நின்றுவிட்டது:

```
nmcli connection modify "Free WiFi" connection.autoconnect no
```

செல்வி:

நன்றி முருகேசன், கையேட்டில் ஒரு ஓரத்தில் போட்டுவிடுகிறேன். தானிணைவு எனக்குப் பிடித்திருக்கிறது. அத்தையிடம் “தானிணைவை அணை” என்று சொன்னேன், “எது தானாக இணைகிறது, போனா?” என்றார். அது போதும்.

அடுத்து, சேமித்த வலையைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடும் Forget. ‘மறந்துவிடு’ என்று நேராக எழுதலாமா? நான் ‘நீக்கு’ என்று எழுதியிருக்கிறேன்.

கலா:

தானிணைவை அணைப்பதற்கும் Forget-க்கும் பயன் வேறு, அதை முதலில் எழுதுங்கள். நீக்கிவிட்டால் பட்டியலில் இருந்தே போய்விடும். அடுத்த முறை அதே கடையில் நீங்கள் தொட்டுச் சேர்ந்ததும் தானிணைவு இயங்கும் நிலையிலேயே மறுபடி சேமிக்கப்படும். திரும்பப் போகாத இடத்துக்கு நீக்கு, அடிக்கடி போகும் இடத்துக்குத் தானிணைவை அணை. பழைய ஆண்ட்ராய்டு சிலவற்றில் அந்தச் சொடுக்கி கிடையாது, அங்கே நீக்குவது மட்டுமே வழி.

இளங்கோ:

‘நீக்கு’ என்றால் வலையையே அழிப்பது போல இருக்கிறது. ‘மறந்துவிடு’தான் சரி, மறப்பது கைப்பேசி.

ரஃபீக்:

மறப்பது மனிதர் செய்வது, ஐயா. என் ஓட்டு ‘நீக்கு’க்கு. ‘திறந்த அருகலை’யும் எனக்கு உறுத்துகிறது. திறந்த மூலம் என்பதில் ‘திறந்த’ நல்ல பொருளில் வருகிறது, இங்கே அப்படி இல்லை. ‘பூட்டில்லா அருகலை’ என்றால் படிப்பவருக்கு உடனே உறைக்கும்.

செல்வி:

பூட்டில்லா அருகலையைக் கையேட்டில் இப்போதே மாற்றிவிட்டேன். மறந்துவிடு, நீக்கு இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்து அத்தைக்குக் காட்டிவிட்டு எழுதுகிறேன்.