எஸ்.ஓ.பி.யில் பேச்சு ஆங்கிலத்துக்கு மாற்றாக என்ன எழுதுவது?

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
பாலக்காட்டில் சிவில் பொறியியல் முடித்துவிட்டு, பிரிட்டனில் நீர்வள மேலாண்மை முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய நோக்க அறிக்கையான எஸ்.ஓ.பி.யின் முதல் வரிகளைப் படித்த நண்பர், வாட்ஸ்அப் செய்தி போல இருக்கிறது என்றார். அவை இவை: 'ஐ ஆம் க்ரேஸி அபௌட் வாட்டர் ஸ்டஃப். ஐ லுக்ட் இன்டு அவர் கேனால் அண்ட் ஃபௌண்ட் அவுட் தட் டெயில் எண்ட் ஃபார்மர்ஸ் கெட் எ லாட் லெஸ் வாட்டர்.' இவற்றுக்கு மாற்றாக எந்த முறையான சொற்களைப் போடலாம்?

சித்தூர் ஆங்கில ஆசிரியர், ஓய்வு:
ஆங்கிலத்தில் ஒரே செயலுக்குப் பெரும்பாலும் இரண்டு சொற்கள் இருக்கும். வீட்டுப் பேச்சில் வழங்குவது பழைய ஆங்கிலச் சொல், ஏட்டில் ஏறுவது லத்தீன் அல்லது பிரெஞ்சு வழி வந்த சொல். அந்த இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் நடை தானாகவே உயர்ந்துவிடும். 'லுக்ட் இன்டு' என்பதை 'இன்வெஸ்டிகேட்டட்' என்றும், 'ஃபௌண்ட் அவுட்' என்பதை 'டிஸ்கவர்ட்' என்றும், 'எ லாட் லெஸ்' என்பதை 'சிக்னிஃபிகண்ட்லி லெஸ்' என்றும் மாற்றுங்கள். 'வாட்டர்' என்று வெறுமனே எழுதாமல் 'டிஸ்சார்ஜ்' என்றும், 'டெயில் எண்ட்' என்பதற்கு 'டெர்மினல் ரீஜன்' என்றும் எழுதலாம். 'க்ரேஸி' என்ற இடத்தில் 'இம்மென்ஸ்லி பேஷனேட்' பொருந்தும். 'ஐ' என்று தொடங்குவதையும் தவிர்த்துச் செயப்பாட்டு வினையில் எழுதுவதே பண்பு.

வேலந்தாவளம் வாசகர்:
மேலே 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் 'எஸ்டீம்ட்' சேர்க்க மறந்துவிடாதீர்கள். நான் தாலுகா அலுவலகத்துக்கு எழுதும் மனுக்கள் அனைத்திலும் இந்த மரியாதையைக் கடைப்பிடிக்கிறேன். இன்னொன்று, என் அனுபவத்தில் கண்டது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தபோது, பட்டம் பெற்றேன் என்ற பொருளில் 'பாஸ்டு அவுட்' என்று எழுதிவிட்டேன். நம்மிடையே அது இயல்பான சொல்தான், ஆனால் அங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்பதே முதற்பொருள் என்று நேர்காணல் நடத்தியவர் பொறுமையாக விளக்கினார். 'கிராஜுவேட்டட்' என்று எழுதியிருக்க வேண்டும்.

மீனாட்சிபுரம் அக்கா:
நான் பாசனப் பொறியியல் படித்து, நெதர்லாந்தில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியபோது முதுகலை விண்ணப்பங்களை வாசிக்கும் குழுவில் இருந்தவள். வேலந்தாவளத்துக்காரர் 'பாஸ்டு அவுட்' பற்றிச் சொன்னது முழுவதும் சரி. ஆனால் எஸ்.ஓ.பி. மனு அல்ல, அதில் விளிப்பும் வேண்டாம், 'எஸ்டீம்ட்' என்பதும் வேண்டாம்.

ஆசிரியர் ஐயா சொன்ன இரட்டைச் சொல் வழக்கு உண்மையானது. ஆயினும் அந்த மாற்றங்களில் பாதி, தம்பி செய்யாத ஒன்றைச் செய்ததாக ஆக்கிவிடுகின்றன. 'இன்வெஸ்டிகேட்டட்' என்றால் கேள்வி வகுத்து, முறை வகுத்து ஆராய்ந்ததாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். கடைமடைக்குத் தண்ணீர் குறைவு என்பதை நம் ஊரில் எல்லோரும் அறிவார்கள் என்பதால் 'டிஸ்கவர்ட்' என்பதற்கு அங்கே இடமே இல்லை. 'சிக்னிஃபிகண்ட்லி' இன்னும் ஆபத்தானது. அறிவியல் துறைகளில் அந்தச் சொல்லைக் கண்டதும், புள்ளியியல் சோதனை செய்தீர்களா என்ற கேள்வி எழும். பேச்சுச் சொல்லை எடுத்துவிட்டு அங்கே வைக்க வேண்டியது நீங்கள் உண்மையில் செய்த செயலுக்குரிய வினையையும், எண்ணிக்கை இருந்தால் எண்ணிக்கையையும்தான். ஆகவே தம்பி, அந்த வாய்க்காலில் என்ன செய்தீர்கள் என்பதை முதலில் தமிழிலேயே எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
எங்கள் வயலுக்கு வரும் கிளை வாய்க்காலின் தலைப்பிலும் கடைசியிலும் ஒவ்வோர் அளவுகோலை நட்டு, 45 நாட்கள் காலையில் தண்ணீரின் உயரத்தைக் குறித்துக்கொண்டேன். தலைப்பில் 41 நாட்களும் கடைசியில் 17 நாட்களும் தண்ணீர் இருந்தது.

மீனாட்சிபுரம் அக்கா:
இதுவே உங்கள் முதல் வரி. நீங்கள் குறித்தது உயரம் மட்டுமே. வாய்க்காலின் அகலத்தையும் நீரின் வேகத்தையும் அளக்காததால் 'டிஸ்சார்ஜ்' என்று எழுதக் கூடாது. 'வாட்டர் லெவல்' என்பதே முறையான சொல். வினை 'ரெக்கார்டட்'. 'டெயில் எண்ட்' பேச்சுச் சொல் போல ஒலித்தாலும் பாசனத் துறையின் கட்டுரைகளில் வழங்கும் கலைச்சொல் அதுதான். அதை 'டெர்மினல் ரீஜன்' என்று மாற்றினால் துறை தெரியாதவர் எழுதியது போலாகும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'ஐ ரெக்கார்டட் தி வாட்டர் லெவல் அட் தி ஹெட் அண்ட் டெயில் ஆஃப் ஒன் சேனல் ஆன் 45 மார்னிங்ஸ். வாட்டர் வாஸ் ப்ரெசன்ட் அட் தி ஹெட் ஆன் 41 ஆஃப் தெம் அண்ட் அட் தி டெயில் ஆன் 17.' இதில் கடினமான சொல் ஒன்றுமில்லை, பேச்சு நடையும் இல்லை. 'க்ரேஸி' வரிக்கு மாற்றுச் சொல்லே தேட வேண்டாம், அதை நீக்கிவிடுங்கள். 45 நாள் காலையில் வரப்பில் நடந்தவனுக்கு ஈடுபாடு உண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சித்தூர் ஆங்கில ஆசிரியர், ஓய்வு:
'சிக்னிஃபிகண்ட்லி' பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், எனக்கு அது இலக்கிய வகுப்பின் சொல்லாகவே பழகியிருந்தது. 'ஐ' விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பத்தியில் ஆறு 'ஐ' வந்தால் தற்பெருமையாகத் தோன்றாதா?

மீனாட்சிபுரம் அக்கா:
ஐயா, 'இட் வாஸ் அப்சர்வ்டு' என்று எழுதினால் அளந்தது இவரா, இவருடைய பேராசிரியரா என்பதே தெரியாமல் போகும், அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் எஸ்.ஓ.பி. கேட்கிறார்கள். அடுத்தடுத்த வாக்கியங்களை 'ஐ' என்றே தொடங்காமல் காலத்தையோ இடத்தையோ முன்னால் வைத்தால் நீங்கள் சொல்லும் உறுத்தல் குறையும்.

சித்தூர் ஆங்கில ஆசிரியர், ஓய்வு:
குறையலாம், ஆனாலும் என் கருத்து மாறவில்லை.

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
அக்கா, இரண்டாம் பத்தியில் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவில் கேரளத்துக்குத் தர வேண்டிய ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. பற்றி எழுதியிருக்கிறேன். அதில் பாசனம் பெறும் நிலப்பரப்பைக் குறிக்க 'ஆயக்கட்டு' என்ற சொல்லை அப்படியே விடலாமா?

மீனாட்சிபுரம் அக்கா:
டி.எம்.சி. நம் நாட்டு வழக்கு. அந்த அளவை ஏறத்தாழ 205 மில்லியன் கன மீட்டர் என்றும் எழுதிவிடுங்கள். 'ஆயக்கட்டு' இந்தியப் பொறியாளர்களின் ஆங்கிலத்தில் முறையான சொல்தான், ஆனால் பிரிட்டனில் படிப்பவருக்கு அது புரியாது என்பதால் நான் 'கமாண்ட் ஏரியா' என்றே எழுதுவேன்.

வேலந்தாவளம் வாசகர்:
நம் ஊர்ச் சொல்லை ஏன் விட வேண்டும்? 'ஆயக்கட்டு' என்று எழுதி, அதே வாக்கியத்தில் அது எந்த நிலம் என்று சொன்னால் படிப்பவரும் ஒரு சொல் கற்றுக்கொள்வார்.

கொழிஞ்சாம்பாறை மாணவன்:
முதல் பத்தியை அக்கா சொன்னபடி மாற்றிவிட்டேன். 'ஆயக்கட்டு' இருக்கும் வாக்கியத்தை இரண்டு விதமாகவும் எழுதி, எங்கள் பேராசிரியரிடம் நாளை காட்டப் போகிறேன்.