இமோஜில பழமொழி போடப் போயி சண்டையான கதை. உங்களுக்கும் இப்படி ஆகிருக்கா?

அஸ்தம்பட்டி அக்கா
எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல பொங்கலுக்கு ஒரு போட்டி வெச்சோம்ங்க, பழமொழிய இமோஜியா போடணும், மத்தவங்க கண்டுபிடிக்கணும், அவ்ளோதான். நான் ஈஸியா ஒண்ணு போடலாம்னு "நாயைக் கண்டா கல்லைக் காணோம், கல்லைக் கண்டா நாயைக் காணோம்" எடுத்தேன். நாய் இருக்கு, கண்ணு இருக்கு, கல்லு இருக்கு, வேற என்ன வேணும்னு நெனச்சு இப்படி போட்டேன்:

🐕👀🪨❌ 🪨👀🐕❌

இதுல ஒரு விஷயம் மறந்துட்டேன். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எங்க கேட்டுக்கிட்ட இருக்கற தெரு நாய ஒருத்தர் கல்லால அடிச்சிட்டாருன்னு குரூப்ல பெரிய வாக்குவாதம். போட்டு அஞ்சு நிமிஷம் ஆகல, மூணாவது மாடி அண்ணன் "யார சொல்றீங்க? நேரா பேர் சொல்லி சொல்லுங்க"ன்னு வந்துட்டாரு. அவருக்கு அது "நாயப் பாத்தா கல்ல எறியாதீங்க"ன்னு தெரிஞ்சிருக்கு. நாய்க்கு சோறு வெக்கற அம்மா ஒருத்தங்க அதுக்கு பத்து ஹார்ட் போட்டாங்க. ரெண்டாவது பாதிய பாத்து இன்னொருத்தர் "அப்ப நாய் வளக்கக் கூடாதுங்கறீங்களா"ன்னு கேட்டாரு. போட்டிக்கு பதில் சொன்னவங்க ஒருத்தர் கூட இல்ல.

அப்புறம் உக்காந்து யோசிச்சா தப்பு என்னுதுதான். 'காணோம்'ங்கறதுக்கு ❌ போட்டேன், ஆனா ❌ பாத்தா யாருக்கும் காணோம்னு தோணாது, 'கூடாது'ன்னுதான் தோணும்.

கடைவீதி ராஜா
அக்கா நீங்க ❌ போட்டதுதான் தப்பு, 🚫 போட்டிருந்தா கரெக்டா வந்திருக்கும். இமோஜி உலகம் பூரா ஒரே அர்த்தம்தான்.

டிடிபி சண்முகம்
ராஜா தம்பி, ❌ தப்புங்கறது வரைக்கும் சரிதான். ஆனா 🚫 அத விட மோசம், அது ரோட்டுல நிக்கற போர்டு, 'நோ பார்க்கிங்' மாதிரி. அத போட்டிருந்தா மூணாவது மாடிக்காரரு நேரா அக்கா வீட்டு பெல்ல அடிச்சிருப்பாரு.

நான் அஞ்சு ரோட்டுல டிடிபி வெச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிக்கை, பேனர்னு நாள் பூரா எழுத்தோடவும் இமோஜியோடவும்தான் பொழப்பு. அக்கா போட்டதுல எனக்குத் தெரிஞ்சு மூணு எடத்துல அர்த்தம் ஒழுகுது.

மொதல்ல அந்த 'ஐ'. நம்ம 'நாயை'ன்னு சொன்ன உடனே நாய் பாக்கப்படற ஆளுன்னு தெரிஞ்சிடுது. 🐕👀 அப்படி போட்டா நாய் பாக்குதா, நாயப் பாக்கறாங்களான்னு தெரியாது. "நாய் முறைக்குது, கல்லு வேண்டாம்"னு கூட படிக்கலாம். என் போன்ல கண்ணு ரெண்டும் இடது பக்கம் பாக்குது, அதனால நாய்க்கு அப்புறம் கண்ண வெச்சா நாயப் பாக்கற மாதிரி விழுது, நம்ம 'நாயைக் கண்டா' வரிசைக்கு அது நல்லாவே பொருந்துது. கண்ண முன்னாடி போட்டீங்கன்னா அது நாய்க்கு முதுகக் காட்டிட்டு எங்கயோ பாக்கும்.

ரெண்டாவது அந்த 'டா', கண்டா, வந்தா, போனாங்கற அந்த வால். அதுக்கு இமோஜியே கெடையாது. ➡️ போட்டுப் பாத்தேன், என் பொண்டாட்டி "நாய அந்தப் பக்கம் ஓட்டச் சொல்றீங்களா"ன்னு கேட்டா.

மூணாவது 'காணோம்'. அதுக்கு ❓ எனக்கு சரியாப்பட்டுது, ஏன்னா நம்ம காணோம்னு சொல்றதே பாதி 'எங்க போச்சு'ங்கற மாதிரிதான. ரெண்டு வரியா பிரிச்சு,

🐕👀 🪨❓
🪨👀 🐕❓

இப்படி கடைக்கு வந்தவங்க நாலு பேர்கிட்ட காட்டினேன், மூணு பேர் சொல்லிட்டாங்க. ஆனா அந்த மூணு பேருக்கும் பழமொழி ஏற்கனவே தெரியும், அதான் விஷயமே. ரெண்டு வரியும் கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி நிக்கறத வெச்சு ஞாபகம் வந்திருக்கே தவிர, படத்தப் படிச்சு யாரும் சொல்லல. நாலாவது ஆளு காலேஜ் பையன், "நாய் எங்க, கல்லு எங்க, ஏதோ கேமா அண்ணா"ன்னான்.

ஏற்காடு தங்கராசு
எனக்கு இமோஜி எல்லாம் அவ்வளவா தெரியாதுங்க, ஆனா எங்க கதையும் கேளுங்க. மேல சின்னதா ஹோம்ஸ்டே நடத்தறேன். ஒரு கெஸ்ட் குடும்பம் வராண்டாவுல பழப் பைய வெச்சிட்டு உள்ள போயிட்டாங்க, குரங்கு வந்து பிச்சுப் போட்டுருச்சு. நான் தமாஷா "குரங்கு கையில பூமாலை"ன்னு 🐒✋💐 அனுப்பினேன். அவங்க அத 'குரங்கு இருக்கு, நில்லுங்க, வெளிய வராதீங்க'ன்னு எடுத்துக்கிட்டு மதியம் வரைக்கும் கதவத் தொறக்கல. சாப்பாடு ஆறிப் போச்சு. பூங்கொத்து எதுக்குன்னு கேட்டா, குரங்குக்கு குடுக்கக் கூடாதுன்னு நெனச்சாங்களாம்.

டிடிபி சண்முகம்
தங்கராசு அண்ணே, மாலைக்கு தனியா இமோஜி இல்ல, 📿 போட்டா ஜபமாலை ஆயிடும், குரங்கு சாமியாராப் போயிடும். அந்த ✋தான் உங்கள மாட்டி விட்டது. நமக்கு கை, பாக்கறவங்களுக்கு ஸ்டாப்பு.

செவ்வாய்பேட்டை வாத்தியார்
எல்லாரும் பழமொழியவே தப்பா சொல்றீங்க. அது நாய் இல்ல, நாயகன். 'நாயகனைக் கண்டால் கல்லைக் காணோம்'. கோயில்ல சிலையைப் பாக்கறவனுக்கு கடவுள் தெரிஞ்சா கல்லு தெரியாதுன்னு அர்த்தம்.

அஸ்தம்பட்டி அக்கா
சார், நான் கேட்டது அது இல்லைங்களே, இமோஜில ஏன் புரியலன்னுதான்.

டிடிபி சண்முகம்
நாயகன் கதைக்கு பழைய ஆதாரம் எதுவும் நான் பாத்ததில்லைங்க சார், அத நான் ஒத்துக்கல. ஆனா கல்லுல செஞ்ச நாய்ங்கற அர்த்தம் ஒண்ணு சொல்லுவாங்க, நாயாப் பாத்தா கல்லு மறைஞ்சிடும், கல்லாப் பாத்தா நாய் மறைஞ்சிடும்னு. திருமந்திரத்துல 'மரத்தை மறைத்தது மாமத யானை'ன்னு வர்றதும் அதே ஜாடைதான். அந்த அர்த்தத்துல நாயும் கல்லும் ஒரே பொருள். இமோஜில 🐕 தனி, 🪨 தனின்னு போட்ட உடனே அது செத்துப் போச்சு, தெரு நாயும் கையில எடுக்கற கல்லும் மட்டும்தான் மிச்சம்.

இன்னொண்ணு, 🪨 வந்ததே 2020லதான். அப்டேட் ஆகாத பழைய போனா இருந்தா அந்த எடத்துல வெறும் கட்டம்தான் தெரியும். கழுதை 🫏 இன்னும் லேட்டு, 2022. அதோட வந்த காக்கா 🐦‍⬛ நெசமாவே ஒரு இமோஜி இல்ல, ஒரு பறவையையும் ஒரு கருப்புக் கட்டத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டி வெச்சிருக்கு, பழைய போன்ல அந்த ஒட்டு விட்டுப் போயி 🐦⬛ன்னு தனித்தனியா வரும். 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' போட்டா காக்காவே வராது, ஏதோ நீலப் பறவை பக்கத்துல ஒரு கட்டத்தோட நிக்கும்.

அஸ்தம்பட்டி அக்கா
அட ஆமாங்க! எங்க மாமியார் போன்ல கல்லு எடத்துல கட்டம்தான் வந்துச்சாம், ஏதோ பெட்டிக்குள்ள நாய் இருக்குன்னு நெனச்சிருக்காங்க.

கடைவீதி ராஜா
அப்ப 🗿 போடுங்க அக்கா, அது பழைய போன்லயும் இருக்கும். அது செதுக்கின கல்லு வேற, சண்முகம் அண்ணன் சொன்ன சிலை அர்த்தமும் வந்துரும்.

டிடிபி சண்முகம்
தம்பி, இது நல்லா இருக்குடா. நான் யோசிக்கல. ஆனா அது ஈஸ்டர் தீவு தலை, மனுச மூஞ்சி. கல்லுன்னு தெரியுமா, ஆளுன்னு தெரியுமா, டவுட்டுதான்.

அஸ்தம்பட்டி அக்கா
இப்பதான் மாமியார்கிட்ட 🐕👀 🗿❓ காட்டிட்டு வந்தேன். நல்லா கண்ணாடி போட்டுப் பாத்துட்டு, "பைரவர் கோயிலுக்கு வழி கேக்கறாங்களா, தாரமங்கலம் பஸ் ஏறச் சொல்லு"ன்னாங்க.