மொத்தம் ரெண்டு மடங்கா, மூணு மடங்கா?

கலா_கணக்கு:
பில்லிங் மென்பொருளில் இருந்து விற்பனையை சிஎஸ்வியா எடுத்தேன். ஒவ்வொரு கிளை முடிவிலும் ஒரு மொத்த வரி, கடைசியில் ஒரு Grand Total வரி சேர்ந்தே வருது. பிவோட் போட்டா எல்லாக் கிளையும் டபுள். போன இழையில் வரிசைவேலன் சார் "டபுள்தானே, ரெண்டால் வகுத்துடுங்க"ன்னார். வகுத்தும் ஒட்டுமொத்தம் இடிக்குது. என்ன செய்யலாம்?

சேலத்துச்சித்தர்:
ரெண்டால் வகுக்கச் சொன்ன மகானுக்கு முதல்ல ஒரு கும்பிடு. தங்கச்சி, உங்க ஃபைலைச் சின்னதாக்கிப் பாருங்க. மதுரையில் 3 பில், 30,000. திருச்சியில் 2 பில், 20,000. சேலத்தில் 2 பில், 50,000. நிஜ விற்பனை 1,00,000. கிளை மொத்த வரி மூணையும் கூட்டினா இன்னொரு 1,00,000. Grand Total வரியில் இன்னொரு 1,00,000. தொகை நெடுவரிசை முழுசையும் கூட்டினா 3,00,000. ரெண்டால் வகுத்தா 1,50,000. இப்படி ஒரு விற்பனை எந்த ஊர்லயும் நடக்கலை. இது மூணு மடங்கு. மூணு.

வரிசைவேலன்:
கேள்வியைப் படிக்காம பாடம் எடுக்கறது சிலருக்குப் பழக்கம். அவங்க கேட்டது கிளைவாரி. மதுரைன்னு போட்டா பில் 30,000, மொத்த வரி 30,000, ஆக 60,000. டபுள்தான். பாதியாக்கினா 30,000. எங்க தப்பு?

சேலத்துச்சித்தர்:
மொத்த வரியிலும் கிளைப் பேரை நிரப்பி அனுப்பற மென்பொருளா இருந்தாத்தான் அது. எக்செல் தானா போடற மொத்தத்தில் "Madurai Total"னு தனிப் பேர் வரும். அங்க பிவோட்ல மதுரை 30,000னு சரியாவே நிக்கும். அதைப் பாதியாக்கினா 15,000. இதுக்குப் பேர் தீர்வா? அதோட Grand Total வரிக்குக் கிளைப் பேர் கிடையாது, அது (blank)னு கீழே தனியா 1,00,000 வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். பிவோட் கடைசி வரி 3,00,000 காட்டும். மூணு மடங்குன்னா மூணு மடங்குதான்.

வரிசைவேலன்:
அவங்க ஃபைல்ல கிளைப் பேர் இருக்கு, அதனாலதான் "எல்லாக் கிளையும் டபுள்"னு எழுதியிருக்காங்க. சரி, வகுக்க வேண்டாம். SUMக்குப் பதிலா SUBTOTAL(9, ...) போடுங்க. அது மொத்த வரியைத் தானா விட்டுடும். எக்செல் தெரிஞ்ச எல்லாருக்கும் இது தெரியும்.

சேலத்துச்சித்தர்:
எக்செல் தெரிஞ்சவருக்கு இதுவும் தெரிஞ்சிருக்கணும். SUBTOTAL விட்டுடறது உள்ளே SUBTOTAL ஃபார்முலா இருக்கிற கட்டத்தை மட்டும். சிஎஸ்வியில் ஃபார்முலா ஏது? வெறும் எண்தான் வரும். 30,000ங்கறது பில்லா மொத்தமான்னு அதுக்கு எப்படித் தெரியும்? போட்டுப் பாருங்க, அதே 3,00,000 வரும்.

மலைக்கோட்டை_மணி:
அண்ணே, எனக்கும் இதே டபுள். விற்பனை டேபிளையும் பேமெண்ட் டேபிளையும் ஜாயின் பண்ணேன். சில பில் டபுள், சிலது அப்படியே இருக்கு, ஒண்ணு நாலு மடங்கு. நானும் Total வரியைத் தேடறேன், கிடைக்கலை.

சேலத்துச்சித்தர்:
மணி, உங்க கதை வேற. ஒரே பில்லுக்கு நாலு தவணை வந்திருந்தா அந்த பில் நாலு வரியாகும். மடங்கு பில்லுக்கு பில் மாறினா ஜாயின் கோளாறு. எல்லாக் கிளையும் ஒண்ணு போல டபுள்னா மொத்த வரி. தனி இழை போடுங்க. கலா, முதல்ல இதைப் போட்டுப் பாருங்க, F2:F12 நம்ம சின்ன ஃபைலோட 11 வரிக்கு, உங்க ஃபைலுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்குங்க:

```
=SUM(F2:F12)/MAX(F2:F12)
```

சரியா 3 வந்தா ரெண்டு வகை மொத்தமும் உள்ளே இருக்கு.

வரிசைவேலன்:
ஒரு கிளை முழுக்க ரிட்டர்ன் ஆகி மைனஸ்ல போனா? அப்போ இன்னொரு கிளை மொத்தம் Grand Totalஐத் தாண்டலாம், தாண்டினா MAX அதைப் பிடிக்கும், மூணு வராது. பெரிய டெஸ்ட்டு!

சேலத்துச்சித்தர்:
அப்படி இருந்தா MAXக்குப் பதிலா Grand Total கட்டத்தையே போட்டு வகுக்கறது. இதுக்கு ஒரு ஆச்சரியக்குறியா?

கலா_கணக்கு:
3 வந்துச்சு சார். ஆனா ஒண்ணு புரியலை. இதே ஃபைலை வெச்சு மூணு மாசமா முதலாளிக்குக் கிளைப் பங்கு சதவீதம் போயிட்டிருக்கு, யாருமே தப்புன்னு சொல்லலையே?

சேலத்துச்சித்தர்:
(blank)ஐ ஒதுக்கிட்டு எடுத்திருப்பீங்க. 60,000ஐ 2,00,000ஆல் வகுத்தாலும் 30%, 30,000ஐ 1,00,000ஆல் வகுத்தாலும் 30%. லாப விகிதமும் இப்படித்தான், மேலயும் கீழயும் சேர்ந்தே பெருத்தா தெரியாது. சராசரியில்தான் காட்டிக் கொடுக்கும். நம்ம 7 பில்லுக்கு சராசரி 14,286 ரூபாய். மொத்த வரியெல்லாம் சேர்ந்த 11 வரிக்கு 27,273. இதை ரெண்டால் வகுத்தாலும் 14,286 வராது, மூணால் வகுத்தாலும் வராது. வகுக்கற கட்சி இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கணக்குப்பிள்ளை60:
மொத்தம் போடாத அறிக்கையை எங்க ஆடிட்டர் கையால தொட மாட்டார். நாற்பது வருஷமா லெட்ஜர்ல பக்கத்துக்குப் பக்கம் மொத்தம் போட்டுத்தான் கொண்டுபோனோம். இப்ப வந்த பிள்ளைங்க மொத்தமே குத்தம்ங்கறீங்க.

சேலத்துச்சித்தர்:
ஐயா, ஆடிட்டருக்கு அச்சடிச்சுக் கொடுங்க, மொத்தம் தாராளமா இருக்கட்டும். பிவோட்டுக்குப் போற ஃபைல்ல பில் வரி மட்டும்தான் இருக்கணும். அதுக்கு மென்பொருள்ல "விவர வரி மட்டும்"னு ஒரு தேர்வு இருக்கான்னு பாருங்க கலா. இல்லேன்னா பில் எண் காலியா இருக்கிற வரியெல்லாம் வெளியே:

```
SELECT branch, SUM(amount)
FROM sales_export
WHERE bill_no <> ''
GROUP BY branch;
```

வரிசைவேலன்:
எதுக்கு இவ்வளவு சுத்தணும்? எந்த நெடுவரிசையிலயாவது "Total"னு இருந்தா அந்த வரியை ஃபில்டர்ல தூக்கிடுங்க. அஞ்சு செகண்ட்.

சேலத்துச்சித்தர்:
கடைப் பேர்லயே Total இருக்கிற வாடிக்கையாளர் ஒருத்தர் இருந்தா அவர் வாங்கினது மொத்தமும் காலி. ஃபைல்ல மொத்த வரியில் கிளைப் பேர் மட்டும் இருந்து "Total"ங்கற சொல்லே இல்லேன்னா ஒரு வரியும் நகராது. போன தடவையும் இப்படித்தான் தேதி ஃபார்மேட் விஷயத்தில் ஒருத்தரை நடுத்தெருவில் விட்டீங்க.

வரிசைவேலன்:
தேதியை இங்க எதுக்கு இழுக்கறீங்க? அன்னைக்கும் நான் சொன்னதுதான் சரி. இழை அங்கேயே இருக்கு, போய்ப் படிங்க.

கணக்குப்பிள்ளை60:
சித்தரே, ரவுண்ட் ஆஃப் வரிக்கு பில் எண் எங்க இருக்கும்? அதையும் சேர்த்துத் தூக்கிடுவீங்களே.

சேலத்துச்சித்தர்:
அதுக்குத்தான் ஐயா, Grand Total வரியை வேற ஷீட்ல எடுத்து வைக்கணும். வடிகட்டின பிறகு வர்ற கூட்டல் அதோட ரூபாய் பைசா ஒத்துப்போகணும். ஒத்துப்போகலேன்னா மொத்த வரியோட சேர்ந்து நிஜ வரியும் எதுவோ போயிருக்கு. வகுத்துத் தள்ளறவருக்கு இப்படிச் சரிபார்க்க வழியே கிடையாது.

கலா_கணக்கு:
வடிகட்டிட்டேன். மதுரையும் சேலமும் பைசா சுத்தமா ஒத்துப்போகுது. திருச்சியில் மட்டும் 340 ரூபாய் குறையுது.

கணக்குப்பிள்ளை60:
நான் சொன்னேன்ல, ரவுண்ட் ஆஃப்!

சேலத்துச்சித்தர்:
ரவுண்ட் ஆஃப்ல 340 ரூபாய் சேர எத்தனை நூறு பில் வேணும் ஐயா? ஒரு பில்லுக்கு அதிகபட்சம் 50 பைசா. கலா, திருச்சியில் பில் எண் இல்லாம வெளியே போன வரியை மட்டும் ஒரு தடவை காட்டுங்க. சரக்குக் கூலியா இருக்கலாம், கையில எழுதின பில்லா இருக்கலாம்.

வரிசைவேலன்:
பாருங்க, இவர் வழியில் 340 ரூபாயைக் காணோம். நான் சொன்ன மாதிரி கிளைவாரி பாதியாக்கியிருந்தா திருச்சி பைசா மாறாம வந்திருக்கும். ஏன்னா அது டபுள்.

சேலத்துச்சித்தர்:
தேதி இழையிலும் கடைசியில் இப்படித்தான் பேசினீங்க.

மலைக்கோட்டை_மணி:
தனி இழை போட்டுட்டேன் அண்ணே, யாருமே வரலை. அந்த நாலு மடங்கை நாலால் வகுக்கலாமா?