பாங்கில விழுந்த 14,850 எந்த ரெண்டு பில்லுக்கு? ரெண்டு பக்கத்தாலையும் தேடின அனுபவம்

சுன்னாகம்_கணக்கு

நான் ஒரு ஹாட்வெயார் கடையில கணக்குப் பாக்கிறனான். சீமெந்து, கம்பி, பெயின்ற் எல்லாம் மேசன்மார் கடனுக்கு எடுத்துக்கொண்டு போவினம், பிறகு பாங்கில காசைப் போட்டுவிடுவினம், ஆனா எந்த பில்லுக்கு எண்டு சிலிப்பில ஒண்டும் எழுதமாட்டினம், அதிலயும் கனபேர் ரெண்டு பில்லைக் கூட்டி ஒரே தொகையாத்தான் போடுறது. ஒராளின்ர கட்டாத பில் இவ்வளவு: 2150, 3400, 4275, 5900, 6800, 8050, 9725, 12550. பாங்கில விழுந்தது 14,850. எந்த ரெண்டு?

ஒவ்வொரு சோடியாக் கூட்டிப் பாத்தா 28 சோடி இருக்கு. என்ர தம்பி கம்பஸில படிக்கிறவன், அவன் காட்டின "ரெண்டு பொயின்ரர்" முறை இதுதான், சின்னதில இருந்து பெருசுக்கு அடுக்கிப்போட்டு ஒரு விரலை முதல் பில்லில வை, மற்றதைக் கடைசி பில்லில வை, ரெண்டையும் கூட்டு, தொகை காணாட்டி இடப்பக்க விரலை ஒண்டு முன்னால தள்ளு, கூடிப்போனா வலப்பக்க விரலை ஒண்டு பின்னால இழு. செய்து பாத்தனான்:

2150 + 12550 = 14700, காணாது
3400 + 12550 = 15950, கூட
3400 + 9725 = 13125, காணாது
4275 + 9725 = 14000, காணாது
5900 + 9725 = 15625, கூட
5900 + 8050 = 13950, காணாது
6800 + 8050 = 14850, சரி

ஏழு தரம் கூட்டினதோட முடிஞ்சுது. பிறகு அவன் பைதனில எழுதித் தந்தவன், இப்ப ஒவ்வொரு மாசமும் அதைத்தான் ஓடவிடுறன்:

```python
bills.sort()
l, r = 0, len(bills) - 1
while l < r:
    s = bills[l] + bills[r]
    if s == target:
        print(bills[l], bills[r])
        break
    if s < target:
        l += 1
    else:
        r -= 1
```

எனக்கு இன்னும் மனசுக்குள்ள நிக்கிற கேள்வி ஒண்டு இருக்கு. இதில தள்ளிவிட்ட பில்லைத் திரும்பிப் பாக்கிறதே இல்லை. ரெண்டாவது படியில 12550ஐ விடேக்க அதை 3400ஓட மட்டும்தானே கூட்டினது, மற்றதுகளோட கூட்டிப் பாக்காம விடுறது எப்பிடிச் சரிவரும்? தம்பியைக் கேட்டா "அது சரியா வரும் அக்கா" எண்டு மட்டும் சொல்லுறான்.

கோண்டாவில்_பெடியன்

அக்கா உதுக்கு சோர்ட் பண்ணவே தேவையில்லை, சும்மா நேரம் வீண். ஒரு செட் வைச்சுக்கொண்டு, பாத்த பில்லை அதுக்குள்ள போட்டுப் போட்டு ஒவ்வொரு பில்லாப் போங்கோ, 8050 வந்தா 14850 இல 8050ஐக் கழிச்சு 6800 ஏற்கனவே செட்டுக்குள்ள இருக்கோ எண்டு பாக்கிறது, இருந்தா முடிஞ்சுது. ஒரே ஓட்டம். நான் இன்ரவியூவுக்குப் போகேக்க இதைத்தான் எழுதினனான், ரெண்டு பொயின்ரர் எல்லாம் பழைய முறை.

முதல்வருசம்

சி மொழியில பொயின்ரர் எண்டா `*p` எண்டு வாற மெமரி அட்ரஸ் எல்லோ? பைதனில பொயின்ரர் இல்லை எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்தவை. அப்ப இது எப்பிடி பைதனில ஓடுது, எனக்குச் சரியாக் குழம்புது.

அறிவியல்நகர்

முதல்வருசம் தம்பி, இஞ்ச பொயின்ரர் எண்டு சொல்லுறது மெமரி அட்ரஸை இல்லை. `l`, `r` ரெண்டும் வெறும் இன்டெக்ஸ் நம்பர், லிஸ்டில எத்தினையாம் இடத்தில நிக்கிறம் எண்டு காட்டுறது, அவ்வளவுதான்.

அக்கான்ர கேள்விதான் இதில பெறுமதியானது, கனபேர் கோட்டைப் பாடமாக்கிப்போட்டு இந்த இடத்தைக் கடந்து போயிடுவினம். முதலாவது கூட்டலைப் பாருங்கோ. 2150ஐ ஆகப் பெரிய பில்லோட கூட்டியும் 14700தான், 14850க்கு எட்டேல்ல. பெரிய பில்லோடயே எட்டாட்டி மிச்ச ஆறு பில்லில எதோட கூட்டினாலும் அதுக்கும் கீழதானே வரும். அப்ப ஒரு தரம் கூட்டி 2150 சம்பந்தப்பட்ட ஏழு சோடியையும் ஒரேயடியா விட்டிட்டம், அதுகளை ஒவ்வொண்டாக் கூட்டிப் பாக்கத் தேவையில்லை.

இப்ப நீங்கள் கேட்ட 12550. மிச்சம் இருக்கிறதில ஆகச் சின்னது 3400, அதோட கூட்டவே 15950, கூடிப்போச்சு. மற்ற எல்லாம் 3400ஐ விடப் பெருசு, அதுகளோட கூட்டினா இன்னும் கூடத்தான் போகும். அதாலை 12550உம் ஒருத்தரோடயும் சேராது. "அப்ப தள்ளின 2150ஓட சேர்ந்திருந்தா?" எண்டு கேப்பீங்கள். அது முதல் படியிலயே பாத்தாச்சு, 2150 ஒருத்தரோடயும் சேராது எண்டு தெரிஞ்ச பிறகுதானே தள்ளினது. இப்பிடி ஒவ்வொரு படியிலயும் ஒரு பில் நிரந்தரமா வெளியில போகுது, எட்டு பில்லுக்கு ஆகக்கூடினது ஏழு கூட்டல். உங்கட உதாரணத்தில ஏழும் தேவைப்பட்டது ஏனெண்டா விடைச் சோடி அடுக்கில பக்கத்து பக்கத்தில இருந்தது.

இவ்வளவும் லிஸ்ட் அடுக்கா இருந்தா மட்டும்தான். "மற்ற எல்லாம் இதை விடப் பெருசு" எண்டு சொல்ல ஏலாமப் போனா முழு வாதமும் விழுந்திடும்.

திருநெல்வேலி_வெப்

அண்ணை சொன்ன கடைசி வரியை நான் நேரில கண்டனான். எங்களோட வேலை செய்யிற ஒரு பெடியன் இதே சோலியை ஜாவாஸ்கிரிப்டில எழுதினவர், கோட் எல்லாம் வடிவா இருக்கு, ஆனா கண்ணுக்கு முன்னால இருக்கிற சோடியை "இல்லை" எண்டு சொல்லுது. எரர் ஒண்டும் வரேல்ல. பின்னேரம் முழுக்க `while` வரியையே பாத்துக்கொண்டிருந்தம், பிழை அதில இல்லை, அதுக்கு மேல இருந்த சோர்ட்டில.

ஜாவாஸ்கிரிப்டில சும்மா `sort()` எண்டு போட்டா நம்பரையும் எழுத்தா மாத்தித்தான் அடுக்கும். அக்கான்ர பில்லையே போட்டுப் பாருங்கோ, 12550 முதலாவதா வந்து நிக்கும், அதுக்குப் பிறகுதான் 2150, 3400, ஏனெண்டா 1 எண்ட எழுத்து 2 எண்ட எழுத்துக்கு முன்னால. பிறகு நடக்கிறது என்னெண்டா இடப்பக்கம் 12550, வலப்பக்கம் 9725, கூட்டினா 22275, கூட. வலப்பக்கத்தைப் பின்னால இழு, 20600, கூட. இழு, இழு, 6800உம் 8050உம் சந்திக்காமலே ரெண்டும் போயிடும், கடைசில சோடி இல்லை எண்டு முடிஞ்சிடும். இப்பிடி எழுதவேணும்:

```js
bills.sort((a, b) => a - b)
```

எக்செலில இருந்தோ சிஎஸ்வியில இருந்தோ எடுக்கிற ஆக்களுக்கும் இதே சிக்கல் வரும், பைதனிலயும் நம்பரா மாத்தாம எழுத்தாவே வைச்சு அடுக்கினா இதேதான். சோர்ட் முடிஞ்ச உடன லிஸ்டைப் பிரின்ட் பண்ணிப் பாருங்கோ, நாலு இலக்கத் தொகையும் அஞ்சு இலக்கத் தொகையும் கலந்திருந்தா உடன கண்ணில படும். எல்லாம் நாலு இலக்கமா இருந்தா எழுத்தா அடுக்கினாலும் சரியாத்தான் வரும், அதாலதான் டெஸ்ட் பண்ணேக்க பிடிபடாமப் போறது.

ஐசிடி_ரீச்சர்

நான் ஏஎல் பிள்ளையளுக்கு இதைப் படிப்பிக்கிறனான். பிள்ளையள் கூடுதலா எழுதுறது `while l <= r` எண்டு, பைனரி சேர்ச்சில அப்பிடி எழுதிப் பழகினதால எண்டு நினைக்கிறன். இதில அப்பிடி எழுதினா ரெண்டு விரலும் ஒரே பில்லில வந்து நிண்டு அந்த பில்லை அதோடயே கூட்டும். 7425க்கு ஒரேயொரு பில் மட்டும் இருந்து வேற சோடி ஒண்டும் பொருந்தாட்டி, 7425ஐயும் 7425ஐயும் கூட்டி 14850 எண்டு பொய்ச் சோடி ஒண்டு வரக்கூடும். உண்மையிலயே 7425க்கு ரெண்டு பில் இருந்தா `l < r` அதை ஒழுங்காப் பிடிக்கும், ஏனெண்டா அதுகள் லிஸ்டில ரெண்டு இடத்தில இருக்கு.

இன்னொண்டு, சிலபேர் ஒரே தொகை ரெண்டு தரம் வராம லிஸ்டைச் "சுத்தம்" செய்துபோட்டுத் தேடுவினம். பில் விசயத்தில அப்பிடிச் செய்யக்கூடாது, அந்த ரெண்டு 7425உம் வேற வேற பில்.

அறிவியல்நகர்

ரீச்சர் சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். தொகையை மட்டும் அடுக்கினா பில் நம்பர் போயிடும். `(6800, "B117")` மாதிரித் தொகையையும் நம்பரையும் ஒண்டாக் கட்டி அடுக்குங்கோ, கூட்டுற வரியை `s = bills[l][0] + bills[r][0]` எண்டு மாத்துங்கோ, அப்ப விடை வரேக்க எந்த பில் எண்டும் வரும்.

கோண்டாவில் தம்பி சொன்ன செட் முறை பிழையில்லை. அடுக்காத லிஸ்ட், ஒரே ஒரு தொகை எண்டா நானும் அதைத்தான் எழுதுவன். ஆனா பழைய முறை எண்டு தள்ளேலாது. அக்கா ஒருக்கா அடுக்கிப்போட்டு அதே லிஸ்டில எத்தினை பாங்க் தொகையையும் தேடலாம். மற்றது, செட் "இருக்கு, இல்லை" எண்டு மட்டும்தான் சொல்லும்.

சுன்னாகம்_கணக்கு

ஓம் அண்ணை, இப்ப விளங்குது, தள்ளின பில் எல்லாரோடயும் தோத்த பிறகுதான் வெளியில போகுது. செட்டைப் பற்றிச் சொன்னது எனக்கு நேர வாற பிரச்சினை. சில வேளை காசு அனுப்புற கட்டணத்தைக் கழிச்சுத்தான் எங்களிட்ட வரும், 14,850க்குப் பதிலா 14,825 விழும். செட்டில தேடினா இல்லை எண்டுதான் வரும். விரல் முறையில ஒவ்வொரு கூட்டலிலயும் வித்தியாசம் எவ்வளவு எண்டு குறிச்சு ஆகக் குறைஞ்சதை வைச்சுக்கொண்டு போனா 6800உம் 8050உம், வித்தியாசம் 25 எண்டு காட்டுது. இது எனக்கு எத்தினையோ தரம் உதவினது.

கோண்டாவில்_பெடியன்

ம்ம், கிட்டடித் தொகை எண்டா செட்டில கஷ்டம்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா சரியாப் பொருந்துற தொகைக்கு நான் இன்னும் செட்தான்.

மானிப்பாய்_பாமசி

எங்கட கடையில ரெண்டு பில் எண்டு இல்லை, மூண்டு, அஞ்சு, ஏழு எண்டு எப்பிடியும் சேர்த்துப் போடுவினம். ஒராளுக்கே 20 பில் நிக்கும். இதே முறையில செய்யலாமோ?

அறிவியல்நகர்

மூண்டு எண்டா செய்யலாம், ஒரு பில்லைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு மிச்சத் தொகைக்கு மற்றதுகளில ரெண்டு விரலை ஓட்டுறது, இப்பிடி ஒவ்வொரு பில்லுக்கும். எத்தினை பில் எண்டே தெரியாட்டி அது வேற கணக்கு. 20 பில்லில இருந்து 10,48,576 விதமா எடுக்கலாம். அதுக்கும் இந்த முறை உதவும், 1974இல ஹொரோவிட்ஸ், சாஹ்னி எண்ட ரெண்டு பேர் எழுதினது: பில்லைப் பத்துப் பத்தாப் பிரிச்சு ஒவ்வொரு பாதியிலயும் வரக்கூடிய 1024 கூட்டுத்தொகையையும் எழுதி அடுக்கி, ஒரு லிஸ்டை முன்னால இருந்தும் மற்றதைப் பின்னால இருந்தும் ஓட்டுறது.

ஆனா விடை வந்தாலும் நம்பாதேங்கோ. 20 பில்லும் சேர்ந்து 1,32,000 அளவில, எல்லாம் 25 ரூபாவால பிரியிற தொகை எண்டு வைப்பம். வரக்கூடிய கூட்டுத்தொகை அய்யாயிரத்துச் சொச்சம்தான், சேர்க்கையோ பத்து லட்சத்துக்கு மேல. சராசரியா ஒரு தொகைக்கே 150க்கு மேல சேர்க்கை பொருந்தும்.

மானிப்பாய்_பாமசி

அப்ப திகதியை வைச்சுக் குறைக்கேலாதோ? எங்கட ஆக்கள் பழைய பில்லைத்தான் முதல் கட்டுவினம், எண்டாலும் எல்லாரும் இல்லை. ஆரும் அப்பிடிச் செய்து பாத்தனீங்களோ?