பாடல் வரிக்கு மேலே கார்ட் உட்காரும் எழுத்து: இதற்கு என்ன சொல்லலாம்?

செ. எழுதியது:

வணக்கம். பாட்டுத் தாள் தயாரிக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் மெனுக்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பாடல் வரிக்கு மேலே C, Am, F என்று கார்ட் பெயர்கள் வருமே, அந்த வகைத் தாள். பெரும்பாலான சரங்கள் முடிந்துவிட்டன, இரண்டு மட்டும் நகரமாட்டேன் என்கின்றன. ஒன்று, கார்ட் பெயர்கள் மட்டும் இருக்கும் மேல் வரிசையின் பெயர். இன்னொன்று, ஒரு கார்ட் எந்த இடத்தோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தின் பெயர். மௌஸால் கார்டை இழுத்தால் அது அடுத்த சிலபிளுக்குத் தாவி ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டும் புள்ளியைத்தான் சொல்கிறேன்.

இப்போதைக்கு முதலாவதற்கு "நாண் வரி", இரண்டாவதற்கு "அசை" என்று போட்டு வைத்திருக்கிறேன். இரண்டுமே மனசுக்கு ஒட்டவில்லை. அசை என்று எழுதியபிறகு ஒரு விபரீதம் வேறு நடந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

ம. எழுதியது:

நாண் வரி நன்றாகத்தானே இருக்கிறது? பள்ளிப் புத்தகத்தில் வட்டத்தின் நாண் படித்திருக்கிறோம், கிதாரிலும் நாண்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்தான். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பெ. எழுதியது:

தம்பி, அங்கேதான் சறுக்கல். இசையில் சொல்லும் கார்டுக்கும் கம்பிக்கும் உறவே கிடையாது. அது "அக்கார்ட்" என்பதன் தலை வெட்டுண்ட வடிவம், ஒத்துப்போதல் என்று பொருள். கம்பியைக் குறிக்கும் வேறொரு சொல்லின் எழுத்துக்கூட்டல் பிற்பாடு இதன் மேல் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். பியானோவிலும் கார்ட் உண்டு, நாலு பேர் சேர்ந்து பாடினாலும் கார்ட் உண்டு, அங்கே எந்த நாணைக் காட்டுவது? ஆங்கிலத்தில் நேர்ந்த எழுத்துப் பிழையை நாம் பொருளாக மொழிபெயர்க்க வேண்டாம்.

சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதால் "சுரக்கூட்டு" எனக்குச் சரியாகப் படுகிறது. வாசிக்கிறவர்கள் எல்லோரும் கார்ட் என்றுதான் சொல்வார்கள், அதுவும் தெரியும்.

து. எழுதியது:

இதே பிரச்சினையில்தான் நான் ஒரு மாதமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்! கணினியில் ஸ்பேஸ் தட்டித் தட்டி ஒவ்வொரு கார்டையும் சரியாக எழுத்துக்கு மேலே நிறுத்தினேன். அதை நண்பருக்கு அனுப்பினால் அவர் போனில் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. முதல் கார்ட் சரி, இரண்டாவது அரை எழுத்து தள்ளி, கடைசி கார்ட் அடுத்த சொல்லுக்கே போய்விட்டது. எத்தனை ஸ்பேஸ் விட வேண்டும் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

கு. எழுதியது:

து., நீங்கள் கேட்பது வேறு கேள்வி, ஆனால் இதற்கும் சம்பந்தம் உண்டு. அப்படி ஒரு கணக்கு இல்லை. "ர" ஒல்லி, "ணை" அகலம், "ம்" நடுத்தரம், இந்த விகிதம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். உங்கள் ஸ்பேஸ்கள் உங்கள் எழுத்துருவின் அகலத்துக்கு அளந்தவை. நண்பர் போனில் வேறு எழுத்துரு இருப்பதால் ஒவ்வொரு எழுத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகு சேர்கிறது. வரி போகப்போகத் தள்ளல் கூடுகிறதே, அதுதான் இதற்கு அடையாளம். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற ஏற்பாடு ஆங்கிலத்துக்குச் சரிப்படும், தமிழில் அதை நம்பி உட்கார முடியாது.

வழி ஒன்றுதான். கார்டைத் தனி வரியில் வைக்காமல் பாடலுக்குள்ளேயே, அது விழும் எழுத்துக்கு முன்னால் சதுர அடைப்பில் எழுதிவிடுங்கள். கார்ட்ப்ரோ வடிவம் இப்படித்தான் வேலை செய்கிறது.

```
க[C]டலோரம் ந[Am]டந்தேன் த[F]னியாக
```

மேலே ஏற்றி நிறுத்துவதை மென்பொருள் அந்தந்த எழுத்துருவுக்கு அளந்து செய்துகொள்ளும். செ. கேட்கிற ஒட்டும் புள்ளி இந்த அடைப்புக்கு அடுத்து வருவதுதான்.

வி. எழுதியது:

சிலபிளுக்கு அசை என்பது மொழியியலில் பல காலமாகப் புழங்கும் சொல். செ., அதை மாற்ற வேண்டாம். புதிதாக எதையாவது உருவாக்கினால் படித்தவர்களே குழம்புவார்கள். மேல் வரிசைக்கு "அசைமேல் வரி" என்று வைத்தால் இரண்டு சரமும் ஒன்றுக்கொன்று பொருந்தியும் வரும்.

செ. எழுதியது:

வி. அக்கா, நான் சொன்ன விபரீதம் இதுதான். நான் "அசை" என்று எழுதியதைப் பார்த்து, யாப்பு தெரிந்த ஒரு தன்னார்வலர் "அப்படியா, தமிழுக்கு அசை பிரிக்கும் நிரல் என்னிடம் இருக்கிறதே" என்று நேரசை நிரையசை பிரிக்கும் நிரலை மென்பொருளில் சேர்த்துவிட்டார். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். கு. எழுதிய வரியையே எடுத்துக்கொள்வோம். கடலோரம் என்பது கட, லோ, ரம். நடந்தேன் என்பது நடந், தேன். தனியாக என்பது தனி, யா, க. மூன்று சொல்லும் நிரையில் தொடங்குகின்றன, அதாவது முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே அசை.

மெட்டில் என்ன நடக்கிறது என்றால், ஒவ்வொரு சொல்லிலும் முதல் குறில் எடுப்பாக முன்னாலேயே வந்துவிடுகிறது, தட்டு விழுவது இரண்டாம் எழுத்தில். க-*ட*-லோரம், ந-*டந்*-தேன், த-*னி*-யாக. கார்ட் மாறவேண்டியதும் அங்கேதான். ஆனால் மென்பொருளுக்கு நிரையின் நடுவில் ஒட்டும் புள்ளியே கிடையாது. ஆகவே மூன்று கார்டும் தாவிப்போய் சொல்லின் தலையில் உட்கார்ந்துகொண்டன. தாள் பார்க்க அழகாக, ஒழுங்காக இருந்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பார்த்து வாசித்தபோதுதான் ஒவ்வொரு கார்டும் தட்டுக்கு முன்னாலேயே விழுந்து, பாடுகிறவரை யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருந்தது.

வி. எழுதியது:

அட. சரி, இது நான் யோசிக்காத பக்கம். மொழியியல் அசைப்படி க, ட, லோ, ரம் என்று நான்கு வரும். யாப்பசைப்படி மூன்றுதான். ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு. என் சொல் தவறில்லை, ஆனால் இந்த இடத்துக்கு ஆபத்தான சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெ. எழுதியது:

ஒரு சொல் மட்டும் சேர்க்கிறேன். நம் சங்கீதப் புத்தகங்களில் மேலே சுரம், கீழே சாகித்தியம் என்று அடுக்கி எழுதும் வழக்கம் இருக்கவே இருக்கிறது. அதற்குரிய சொல்லையே இதற்கும் எடுத்துக்கொண்டால் என்ன? புதிதாகக் கண்டுபிடிக்கிற வேலையே மிச்சம்.

கு. எழுதியது:

ஐயா, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது, வேலை வேறு. அங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் கால அளவில் ஓர் இடம் உண்டு, சாகித்தியம் அந்த இடங்களுக்கு ஏற்ப இழுபட்டும் இடைவெளி விட்டும் வரும். இங்கே தலைகீழ். பாட்டு சாதாரண வாசகமாக ஓடுகிறது, எங்கோ நாலு இடத்தில் மட்டும் கார்ட் விழுகிறது, ஒரு கார்ட் எத்தனை தட்டு நீடிக்கும் என்று தாள் சொல்வதே இல்லை. கால அளவு முழுக்கப் பாடுகிறவர் மனசில் இருக்கிறது. அதனால்தான் எழுத்து சரியாக இருக்கவேண்டியது இங்கே இவ்வளவு முக்கியம், வேறு துப்பே கிடையாது.

எனக்குக் கேட்டால் ஒட்டும் புள்ளி "எழுத்து"தான். தொல்காப்பிய எழுத்து இல்லை, பள்ளியில் எண்ணுவோமே அந்த எழுத்து. கடலோரம் என்பது க, ட, லோ, ர, ம் என்று ஐந்து. நிரலில் `"கடலோரம்".length` என்று கேட்டால் 7 என்று வரும், ஏனென்றால் லோவின் ஓகாரக் குறியையும் ம்-இன் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. `Intl.Segmenter` வைத்துப் பிரித்தால் 5 வரும், நம் கணக்கோடு பொருந்தும். க்ஷ மட்டும் இரண்டாக உடையும், அதற்கு ஒரு விதிவிலக்கு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இதைக் கவனிக்காத மென்பொருளில் கார்டை இழுத்தால் அது இப்படிப் போய் விழும்:

```
நடந்த[G]ேன்
```

ஏகாரக் குறி த-வை விட்டுப் பிரிந்து, புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு அநாதையாக நிற்கும். திரையில் அந்த வட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம், கார்ட் எழுத்துக்கு உள்ளே புகுந்துவிட்டது.

ம. எழுதியது:

அப்படியென்றால் "துணையெழுத்து" என்று சொல்லலாமா? கார்டுக்குத் துணையாக இருக்கிற எழுத்து.

வி. எழுதியது:

ம., அது ஏற்கெனவே கால், கொம்பு முதலியவற்றின் பெயர். கு. இப்போது புலம்பிய அநாதைக் குறிக்கே அதுதான் பெயர்! "தாங்கெழுத்து" எப்படி? தாங்குகிற எழுத்து, கார்டைத் தலையில் தாங்குகிறது. தாங்கு, எழுத்து, வினைத்தொகை, புணர்ச்சியும் தடங்கல் இல்லை. மேல் வரிசைக்கு வெறும் "மேல்வரி" போதும்.

செ. எழுதியது:

தாங்கெழுத்து! பிடித்திருக்கிறது. "இழுத்துத் தாங்கெழுத்தை மாற்றுக" என்று குறிப்புப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன், யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒன்று இடிக்கிறது. அதே வரியின் கடைசியில் "யா" நீண்டு ஒலிக்கும்போது நடுவிலேயே F போய் G வருகிறது. ஒரே எழுத்து, இரண்டு கார்ட். இரண்டாவதைத் தாங்க எழுத்தே இல்லையே?

வி. எழுதியது:

அளபெடைக்குப் பின்னே எதற்கு இருக்கிறது?

```
த[F]னியா[G]அக
```

யா-வுக்குப் பின் அ. நெடில் நீளும்போது அதன் இனக்குறிலை எழுதுவது நம்முடைய பழைய வழக்கம்தான், பாடுகிறவருக்கும் இழுக்க வேண்டும் என்று புரியும்.

கு. எழுதியது:

அழகுதான், ஆனால் பாட்டைத் தேடுகிறவர் "தனியாக" என்று தட்டினால் அந்த வரி அகப்படாது. அந்த அ-வைத் தேடலில் தவிர்க்க மென்பொருளுக்குத் தனியாகக் குறிக்க வேண்டும். எதைக் கொண்டு குறிப்பது என்று யாராவது சொல்லுங்கள். "தனியா-க" என்று கோடு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், கார்ட் பெயர் நீளமாக இருந்து சொல் விரியும்போது நடுவில் வருகிற கோடும் அதே மாதிரி இருக்கும், எது எதற்கு என்று தெரியாமல் போகும்.

பெ. எழுதியது:

தனி எழுத்தே தேவையில்லாத இடங்களும் உண்டு. "ரம்" என்று முடியும்போது மூச்சை ம்-இல் நிறுத்தி முனகி இழுக்கிறோமே, அங்கே கார்ட் மாறினால் ம்-தான் தாங்கெழுத்து. யாப்பில் பொதுவாக ஒற்றுக்குத் தனி அசையாக நிற்கும் தகுதி கிடையாது, இங்கே அதற்குக் கிடைத்துவிட்டது.

து. எழுதியது:

எல்லாம் சரி, அடைப்புக்குறி போட்டு எழுதியதை அப்படியே நண்பருக்கு அனுப்பினேன். அவர் "ஏன் பாட்டுக்கு நடுவில் C, Am எல்லாம் இருக்கிறது" என்று கேட்கிறார். அவரிடம் அந்த மென்பொருள் இல்லை.

கு. எழுதியது:

பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு உள்ளேயே போய்விடும்.

செ. எழுதியது:

"தாங்கெழுத்து", "மேல்வரி" இரண்டையும் சேர்த்துவிட்டேன், யாப்பசை நிரலை எடுத்துவிட்டோம். சுரக்கூட்டா கார்டா என்பதில் இன்னும் மூன்றுக்கு மூன்று நிற்கிறது. மெனுவில் இடம் குறைவு, இப்போதைக்குக் கார்ட். இழுக்கும் அ-வுக்கு மட்டும் பெயரும் இல்லை, குறியும் இல்லை. வி. அக்கா, "இழுவெழுத்து" என்றால் உதைப்பீர்களா?