ஷீட்ல எந்த வாரமும் மைனஸ் இல்லை, ஆனா சனிக்கிழமை கூலிக்குக் காசு இல்லை. எங்க தப்பு?

ஈரோடு_மேஸ்திரி: அவசரம். ரெண்டு வீடு கட்டிட்டிருக்கேன். எக்செல்ல ஆறு வாரக் கணக்கு போட்டா எல்லா வாரமும் கையில மிச்சம் காட்டுது. போன தடவையும் இப்படித்தான் காட்டுச்சு, கடைசியில கூலி குடுக்க நகையை அடகு வெச்சேன். ஃபார்முலால தப்பா?

பில்டர்_40வருஷம்: எண் ஒண்ணும் போடாம கேட்டா ஜோசியம்தான் பாக்கணும். நாங்க எக்செல் இல்லாமலே சின்ன டைரில ஓட்டினோம் தம்பி.

சாந்தி_கணக்கு: கைல எவ்வளவு இருக்கு? எந்த வாரம் என்ன செலவு? வரவை பில் குடுக்கற வாரத்துல போட்டீங்களா, பணம் கைக்கு வர்ற வாரத்துலயா?

டைல்ஸ்_கடை: எனக்கும் இதே கதை. ஒரு பள்ளிக்கூட வேலை, பில் போட்டு ஒன்பது மாசமாச்சு. கேஸ் போடலாமா?

ஈரோடு_மேஸ்திரி: கைல 2,80,000. கூலி வாரா வாரம் 90,000. 2ஆம் வாரம் மிக்சர் லோன் தவணை 35,000. 3ல ஜிஎஸ்டி 60,000. 4ல கம்பி 2,10,000, ரொக்கம். 5ல சிமெண்ட் கடை பாக்கி 1,20,000. வரவு: பூச்சு வேலை பில் 2,50,000 1ஆம் வாரம், ரூஃப் பில் 6,00,000 3ஆம் வாரம். ரெண்டுமே பில் குடுக்கற வாரம்தான், அது தெரிஞ்சதுதானேன்னு சொல்லல. பூச்சு வீட்டுக்காரர் எப்பவும் ரெண்டு வாரம் இழுப்பார். ரூஃப் வீடு பேங்க் லோன், மூணு வாரம் ஆகும்.

சென்ட்ரிங்_செல்வா: 4ஆம் வாரம்தான் நெருக்கடி. கூலியும் கம்பியும் சேர்ந்து 3 லட்சம் போகுதே. கம்பியை ஒரு வாரம் தள்ளுங்க, முடிஞ்சது.

சாந்தி_கணக்கு: ஃபார்முலால தப்பு இல்லைங்க, வரவு உக்காந்திருக்கற வாரம்தான் தப்பு. பூச்சுப் பணத்தை 3க்கும் ரூஃப் பணத்தை 6க்கும் நகர்த்திப் பாருங்க. வாரக் கடைசி இருப்பு 1,90,000, 65,000, 1,65,000, அப்புறம் மைனஸ் 1,35,000, மைனஸ் 3,45,000, கடைசியா 1,65,000. உங்க ஷீட்லயும் 6ஆம் வாரம் இதே 1,65,000தான் வரும். அதனாலதான் மொத்தமா பாத்தா குறை தெரியல.

செல்வா சொல்றது பாதி சரி. அதிகம் செலவாகற வாரம் 4. ஆனா இருப்பு அடிமட்டத்துக்குப் போறது 5லதான். கம்பியை ஒரே வாரம் தள்ளினா 4 தப்பிக்கும், 5 அதே மைனஸ் 3,45,000தான். 6க்குத் தள்ளினாதான் பலன். சிமெண்ட் பாக்கியையும் 6க்குக் கேட்டு வாங்கினா 5ல குறை 15,000தான்.

வாரப் பேர் 1ஆம் வரிசையிலயும் கடைசி இருப்பு 8ஆம் வரிசையிலயும் இருந்தா இதைப் போடுங்க, நெருக்கடியான வாரத்தை அதுவே காட்டும்:

```
=INDEX(B1:G1,MATCH(MIN(B8:G8),B8:G8,0))
```

இன்னொண்ணு. 3ஆம் வாரத்துல 65,000 வெச்சுக்கிட்டு நுழையறீங்க. 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டினா மிச்சம் 5,000. பூச்சுப் பணம் சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா அன்னைக்கே கூலிக்கு 85,000 பத்தாது. வாரக் கடைசி இருப்பை மட்டும் பாத்தா இது கண்ணுல படாது.

சென்ட்ரிங்_செல்வா: கம்பி விலை ஏறினா யார் குடுப்பா? அப்புறம் பணமே வராம ஜிஎஸ்டி எதுக்குக் கட்டணும்? வந்ததும் கட்டுங்க. தனி வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

சாந்தி_கணக்கு: பொருள் போடாம வெறும் லேபர் மட்டும் எடுத்தாதான் தனி வீட்டுக்கு விலக்கு. இவர் கம்பி சிமெண்டோட எடுத்திருக்கார். ஸ்டேஜ் முடிஞ்சா பணம்னு ஒப்பந்தம் இருந்தா, ஸ்டேஜ் முடியறப்பவே பில் போட்டாகணும். பணம் வரலைன்னாலும் வரி கட்டணும்.

சென்ட்ரிங்_செல்வா: எங்க ஆடிட்டர் அப்படி சொல்லலையே.

பில்டர்_40வருஷம்: ஆடிட்டரை மாத்து. தம்பி, பேங்க் இன்ஜினியர் வந்து பாத்தாதான் லோன் பணம் விடுவாங்க. கான்கிரீட் போட்டப்புறம் கூப்பிடாம, சென்ட்ரிங் அடிக்கறப்பவே வீட்டுக்காரரை பேங்க்ல தேதி கேக்கச் சொல்லு. மூணு வாரத்துல ஒரு வாரமாவது குறையும்.

டைல்ஸ்_கடை: என் பள்ளிக்கூட பில்லுக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

ஈரோடு_மேஸ்திரி: சிமெண்ட் கடைக்காரர் 6ஆம் வாரத்துக்கு ஒத்துக்கிட்டார். கம்பி மாடி ரூஃபுக்குத்தான், விலை ஏறும்னு பயந்துதான் இப்பவே வாங்க நினைச்சேன். 4ல பாதி, மீதி 6ல வாங்கறேன். நன்றி அக்கா.

சாந்தி_கணக்கு: பாதி வாங்கினா 5ஆம் வாரம் மைனஸ் 1,20,000 வருமே. அந்த சனிக்கிழமைக்கு என்ன வழி வெச்சிருக்கீங்க?